50 லட்சத்தைப் பென்ஷன் பாலிசியில் போட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 64 வயது, மனைவிக்கு 60. கோவையில் ஒரு தனியார் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பிஎஃப் பென்ஷன் மாதம் 4,300 ரூபாய். சொந்த வீடு, கடன் இல்லை. மாடி போர்ஷன் மகன் குடும்பம் வரும்போது தங்குவதற்காகப் பூட்டியே கிடக்கிறது. கையில் 92 லட்சம் இருக்கிறது. அதில் 30 லட்சத்தை 2023இல் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் போட்டேன். மீதி பேங்க் எஃப்.டி. வீட்டுச் செலவு மாதம் 38,000. வட்டியை மட்டும் எடுக்கிறோம், அசலைத் தொட்டதில்லை. "குந்தித் தின்றால் குன்றும் மாளும்" என்பார் என் அப்பா. அவர் 93 வயது வரை இருந்தார். எனக்கு அதுதான் பயம். தெரிந்த ஏஜென்ட் ஒருவர் 50 லட்சத்தை ஆன்யுட்டி என்ற பென்ஷன் பாலிசியில் போடச் சொல்கிறார். எங்களில் ஒருவர் இருக்கும்வரை மாதம் 27,000 வருமாம், இருவர் காலத்துக்குப் பிறகு 50 லட்சமும் மகனுக்குப் போய்விடுமாம். அசல் திரும்பாத வகை என்றால் 31,000. சீனியர் சிட்டிசன் கணக்கை முடித்துவிட்டு அந்தப் பணத்தையும் இதில் போடலாம் என்கிறார். மகன் பெங்களூரில் ஃப்ளாட் வாங்க 20 லட்சம் கேட்கிறான். மொத்தப் பணத்தில் வருஷத்துக்கு 4 சதவீதம் எடுத்தால் ஆயுளுக்கும் தீராது என்று இணையத்தில் படித்ததாகவும் சொல்கிறான். நான் என்ன செய்யட்டும்? — ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐயா, வணக்கம். முதலில் செய்யவேண்டியது, ஏஜென்ட்டிடம் "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்வது. ஆன்யுட்டியே கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. அவர் காட்டியிருக்கும் வகையும் தொகையும் நேரமும் உங்களுக்குப் பொருந்தவில்லை. ஏன் என்று உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம்.

92 லட்சத்தில் 8 லட்சத்தை மருத்துவச் செலவுக்கென்று தனியாக வைத்துவிடுங்கள். மெடிக்கல் பாலிசி இருந்தாலும் கையிலிருந்து போகும் பணம் இருக்கத்தான் செய்யும். மீதி 84 லட்சம். அதற்கு 7 சதவீதம் வட்டி வருகிறது, விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம், அனுமதிக்கும் உச்சம் 6. மருந்தும் ஆஸ்பத்திரியும் அதிகமாகப் போகும் வயதில் உச்சத்தைப் போட்டுக் கணக்குப் பார்ப்பதுதான் நல்லது. 6 சதவீதத்தில் செலவு 12 ஆண்டில் இரட்டிப்பாகும். இன்றைய 38,000 உங்கள் 76ஆவது வயதில் 76,000.

ஏஜென்ட் சொன்னது எதையும் செய்யாமல், தேவைப்படும்போது அசலையும் எடுத்துக்கொண்டு போனால் இந்த 84 லட்சம் 23 ஆண்டு வரும். அப்போது உங்களுக்கு 87, மனைவிக்கு 83. அப்பாவின் வயதை எட்ட இன்னும் 6 ஆண்டு பாக்கி. ஆக, உங்கள் பயம் வெறும் மனப்பிராந்தி இல்லை, கணக்கிலும் தெரிகிறது.

சரி, ஏஜென்ட்டின் திட்டத்தைப் போட்டுப் பார்த்தால்? 50 லட்சம் பாலிசிக்குப் போய்விடும். மாதம் 27,000, அதோடு பிஎஃப் பென்ஷன் 4,300, ஆக 31,300. கையில் 34 லட்சம். முதல் சில ஆண்டு ரொம்ப நிம்மதியாக இருக்கும். 34 லட்சம் 40 லட்சமாகக்கூட வளரும். ஆனால் 31,300 அப்படியே நிற்க, செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். 12ஆம் ஆண்டிலிருந்து கையிருப்பு வேகமாகக் கரைந்து, சுமார் 18 ஆண்டில், உங்கள் 82ஆவது வயதில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு மாதச் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கும், வரவு அதே 31,300. மகனுக்குப் போகவேண்டிய 50 லட்சம் கம்பெனியில் பத்திரமாக இருக்கும், உங்களுக்கு உதவாது. பணம் தீர்ந்துவிடுமே என்று பயந்து வாங்கும் பாலிசி, பணத்தை 5 ஆண்டு முன்கூட்டியே தீர்த்துவைக்கிறது.

அசல் திரும்பும் பாலிசியில் காப்பீடு எவ்வளவு?

ஆன்யுட்டியின் உண்மையான வேலை இதுதான்: ஒரே வயதுக்காரர்கள் ஆயிரம் பேர் பணம் போடுகிறார்கள். அதில் சிலர் 70லேயே போய்விடுகிறார்கள், சிலர் 95 வரை இருக்கிறார்கள். சீக்கிரம் போனவர்கள் விட்டுச்சென்ற பணம்தான் நீண்ட நாள் இருப்பவர்களுக்குப் பென்ஷனாகப் போகிறது. தனியாக எஃப்.டி. போட்டிருப்பவருக்கு இந்த வசதி கிடையாது.

"அசல் திரும்ப வேண்டும்" என்று டிக் செய்த உடனே அந்தப் பகிர்வு ஏறக்குறைய நின்றுபோகிறது. எல்லோருடைய அசலும் அவரவர் வாரிசுக்கே போய்விட்டால், நீண்ட நாள் இருப்பவருக்குக் கொடுக்க யாரிடமிருந்து எடுப்பார்கள்? வட்டியைத்தான் கொடுக்க முடியும். உங்கள் 27,000ஐ 12ஆல் பெருக்கி 50 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள்: 6.48 சதவீதம். ஆயுளுக்கும் பூட்டிய ஒரு டெபாசிட், அவ்வளவுதான். அதில் ஒரு நன்மை இருக்கிறது, மறைக்கவில்லை: வட்டி விகிதம் இறங்கினாலும் உங்கள் பென்ஷன் இறங்காது. சீனியர் சிட்டிசன் திட்டமே 2004இல் 9 சதவீதத்தில் தொடங்கி 2020இல் 7.4க்கு இறங்கி, இப்போது 8.2இல் இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கம் ஆன்யுட்டியில் இல்லை. ஆனால் அந்த நன்மைக்காக 50 லட்சத்தைப் பூட்டுவது அதிக விலை.

மகனுக்குப் போகும் 50 லட்சத்தையும் பாருங்கள். உங்களில் ஒருவர் இன்னும் 24 ஆண்டு இருந்தால், அன்றைய 50 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு சுமார் 12.5 லட்சம். அதற்காக மாதம் 4,000 ரூபாய் குறைத்து வாங்கிக்கொள்கிறீர்கள்.

இன்னொன்று, இது எனக்குக் கொஞ்சம் கோபத்தையே வரவழைத்தது. சீனியர் சிட்டிசன் கணக்கை முடிக்கச் சொல்வது. இரண்டு ஆண்டு கடந்த கணக்கை முதிர்வுக்கு முன் முடித்தால் டெபாசிட்டில் 1 சதவீதம் பிடிப்பார்கள், உங்களுக்கு 30,000 ரூபாய். அது போகட்டும். அந்த 30 லட்சத்துக்கு இப்போது ஆண்டுக்கு 2,46,000 வட்டி வருகிறது. அதையே 6.48 சதவீதத்துக்கு மாற்றினால் 1,94,400. வருஷத்துக்கு 51,600 ரூபாய் குறைத்து வாங்க, 30,000 ரூபாய் அபராதம் கட்டவேண்டும். அந்தக் கணக்கு 2028 வரை அப்படியே இருக்கட்டும். அப்புறம் அன்றைய வட்டியில் மூன்று மூன்று ஆண்டாக நீட்டிக்கலாம்.

அந்த 4 சதவீதம் எங்கிருந்து வந்தது?

மகன் படித்ததில் தவறில்லை, இடம்தான் வேறு. வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அந்த எண். அவர் எடுத்துக்கொண்டது 1926 முதலான அமெரிக்கப் பங்குகளும் அமெரிக்க அரசுப் பத்திரங்களும் அந்நாட்டு விலைவாசியும். பணத்தில் பாதிக்குக் குறையாமல் பங்குகளில் இருக்கவேண்டும், 30 ஆண்டு வந்தால் போதும் என்பது அவர் கணக்கு. "ஆயுளுக்கும் தீராது" என்று அவர் சொல்லவில்லை. உங்கள் பணம் முழுக்க டெபாசிட்டில் இருக்கிறது. நீங்கள் எடுக்கவேண்டியது ஏறக்குறைய 5 சதவீதம். இரண்டுக்கும் முடிச்சுப் போட முடியாது.

அப்பாவின் 93ஐ வைத்து நீங்கள் யோசிப்பது சரியான திசை. நிறையப் பேர், இந்தியர்களின் சராசரி ஆயுள் 70 என்பதை வைத்து 75 வரைக்கும் கணக்குப் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சராசரி பிறந்த குழந்தைக்கானது. சிறு வயதிலும் நடு வயதிலும் போனவர்களும் அதில் இருக்கிறார்கள். 64ஐத் தாண்டியவருக்கு அது பொருந்தாது. ஆனால் நீங்களும் ஒன்றை விட்டுவிட்டீர்கள்: கணக்கு உங்கள் ஆயுளோடு முடியாது. மனைவி நாலு வயது இளையவர். அவருக்கு 90 ஆகும்வரை என்றால் இன்றிலிருந்து 30 ஆண்டு. உங்களுக்குப் பிறகு பிஎஃப் பென்ஷனும் அவருக்குப் பாதிதான், 2,150 ரூபாய்.

மாடியின் சாவி

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த மாடி போர்ஷன். வாடகை 9,000 வருகிறது, வருஷத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கிறது, வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று மட்டும் சேர்த்தால், அதே 84 லட்சம் 23 ஆண்டுக்குப் பதில் 30 ஆண்டு வருகிறது. உங்களுக்கு 94, மனைவிக்கு 90. எந்த ஆன்யுட்டியும் இந்தக் கணக்கில் இவ்வளவு செய்யவில்லை. காரணம் எளிது: எஃப்.டி. வட்டியும் பென்ஷனும் நின்ற இடத்தில் நிற்கும், உங்கள் வரவிலேயே விலைவாசியோடு ஏறக்கூடியது வாடகை ஒன்றுதான். மகன் வரும்போது கீழேயே தங்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு ஹாலில் பாய் போட்டுப் படுப்பது பிடிக்கவே செய்யும். 11 மாத ஒப்பந்தம் எழுதி, புதுப்பிக்கும்போது எவ்வளவு ஏற்றுவது என்பதையும் அதிலேயே போட்டுவிடுங்கள்.

வட்டி மிஞ்சுகிறது என்று செலவழிக்காதீர்கள்

மனைவிக்கு 60 ஆகிவிட்டதால் அவர் பெயரிலும் சீனியர் சிட்டிசன் கணக்கு தொடங்கலாம். ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம், இப்போதைக்கு 15 லட்சம் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களுக்கு 61,500, அவருக்கு 30,750. மாதக் கணக்கில் இரண்டும் சேர்ந்து 30,750. பென்ஷனைச் சேர்த்தால் 35,050. மாதம் 3,000 ரூபாய்க்குள்தான் துண்டு விழும். நீங்கள் கொடுத்த பணத்தில் மனைவிக்கு வரும் வட்டியை வருமான வரிச் சட்டம் உங்கள் வருமானமாகத்தான் பார்க்கும். இருந்தாலும் எல்லாம் சேர்ந்து புதிய வரி முறையின் 12 லட்ச வரம்புக்குள் இருப்பதால் இப்போது வரி வராது.

மீதி 39 லட்சத்தில் 24 லட்சத்தை ஒரே எஃப்.டி.யாகப் போடாமல், ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை ஒவ்வோர் ஆண்டும் ஒன்று முதிரும்படி பிரித்துப் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு என்பதையும் மனதில் வையுங்கள். 15 லட்சத்தை மட்டும் இரண்டு ஆண்டில் மாதாமாதம் சிறிது சிறிதாக, பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றலாம். அது அடுத்த 10 ஆண்டுக்குத் தொடாத பணம். சந்தை விழுந்த வருஷத்தில் அதிலிருந்து எடுக்கக் கூடாது, எஃப்.டி.யிலிருந்துதான் எடுக்கவேண்டும். இறங்கிய விலையில் யூனிட்டுகளை விற்றுச் சாப்பிட ஆரம்பித்தால், சந்தை மீளும்போது உங்களிடம் மீள்வதற்கு யூனிட் இருக்காது. ஃபண்ட் ஓரளவு நன்றாக ஓடினால் வாடகை இல்லாமலேயே 90 வரை கணக்கு நீள்கிறது. அது எதிர்பார்ப்பு, உறுதி இல்லை. பங்குச் சந்தை என்றாலே தூக்கம் போய்விடும் என்றால் இதை விட்டுவிடுங்கள். மாடி வாடகையை விடாதீர்கள்.

இந்த ஏற்பாட்டில் முதல் நான்கைந்து ஆண்டு வட்டி செலவைவிட அதிகமாக வரும், ஆரம்பத்தில் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மிஞ்சும். அதை லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். அது 75க்கு மேல் செலவுக்கு வேண்டிய பணம், அப்படியே திரும்ப டெபாசிட்டுக்குப் போகவேண்டும். உங்கள் 69ஆவது வயது வாக்கில் செலவு வட்டியை முந்தும். அன்றைக்கு அசலில் கை வைக்கவேண்டி வரும், அது தோல்வி இல்லை. அப்பாவின் பழமொழி, கணக்கில்லாமல் உட்கார்ந்து தின்பவருக்குச் சொன்னது. நீங்கள் எந்த வருஷம் எவ்வளவு என்று பார்த்து எடுக்கப்போகிறீர்கள். வட்டியை மட்டுமே தின்பேன் என்று பிடிவாதமாக இருந்தால், மருந்தைக் குறைக்கும் நிலை வந்தபோதும் டெபாசிட் முழுசாக இருக்கும். அப்படிப்பட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மகனின் 20 லட்சம்: 84 லட்சம் 64 ஆனால், 87 வரை வரவேண்டிய பணம் 81லேயே தீர்ந்துவிடும். மகனிடம் இதே எண்ணைச் சொல்லுங்கள். "பிறகு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மனசாரத்தான் சொல்லுவார். ஆனால் அன்றைக்கு அவருக்கு வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கல்லூரிச் செலவும் இருக்கும். வீடு எப்படியும் அவருக்குத்தானே வரப்போகிறது.

ஆன்யுட்டி வாங்கும் வயது

70லிருந்து 72க்குள் ஒருமுறை, 75 வாக்கில் இன்னொருமுறை என்று இரண்டு தவணையாக வாங்கலாம். முதலில் 20 லட்சம், அடுத்தது அன்றைய உடல்நிலையைப் பொறுத்து. வயது ஏற ஏற அதே பணத்துக்குக் கிடைக்கும் பென்ஷன் கூடும். 2028 வரை உங்கள் 30 லட்சம் 8.2 சதவீதத்தில் இருக்கிறது. பென்ஷன் ஏறாது என்ற குறையும் 30 ஆண்டுக்குப் பதில் 20 ஆண்டுதான் கடிக்கும். ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறும் வகை ஒன்றும் இருக்கிறது. அந்த 3 சதவீதம் பெரும்பாலும் முதல் ஆண்டுத் தொகையின் மேல் மட்டும் கணக்கிடும் தனிவட்டி. 24 ஆண்டில் பென்ஷன் ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகாது, விலைவாசி நான்கு மடங்காகியிருக்கும். ஆரம்பத் தொகையையும் அதற்காகக் குறைத்துவிடுவார்கள்.

வாங்கும்போது இருவர் பெயரிலும் கூட்டாக, ஒருவருக்குப் பின் மற்றவருக்கு முழுத்தொகையும் வரும்படி, அசல் திரும்பாத வகை. உங்கள் ஒருவர் ஆயுளுக்கு மட்டும் என்றால் தொகை கூடுதலாகத் தெரியும், உங்களுக்குப் பிறகு மனைவிக்கு ஒன்றும் வராது. இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

80க்கு மேல் எஃப்.டி. புதுப்பிக்க வங்கிக்கு நடப்பதும், ஓ.டி.பி. கேட்டு வரும் போன்களை அடையாளம் காண்பதும் கஷ்டம். அந்த வயதில், அதிலும் மனைவி தனியாக இருக்கும்போது, அரிசி, கரண்ட் பில், மாத்திரைக்காவது தானாகக் கணக்கில் விழும் ஒரு தொகை வேண்டும். அதற்குத்தான் ஆன்யுட்டி. மொத்தச் செலவையும் அது தாங்காது. அதற்கும் மேல் தேவைப்பட்டால் வீட்டை விற்காமலேயே அதன் பேரில் மாதாமாதம் பணம் வாங்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் 2007லிருந்து இருக்கிறது. எல்லா வங்கிகளும் ஆர்வம் காட்டுவதில்லை என்பதால் அதைக் கடைசிக் கதவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் அன்று கவனிக்கவேண்டியவை சில. அசல் திரும்பாத வகையைப் பொதுவாக இடையில் சரண்டர் செய்ய முடியாது. மனம் மாறினால் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், அதற்குப் பிறகு வழி இல்லை. பத்திரம் வந்த உடனே மனைவியின் பிறந்த தேதியையும் எந்த வகை என்பதையும் நீங்களே படித்துப் பாருங்கள். ஏஜென்ட் நிரப்பிய படிவத்தில் பிழை இருந்தால் சரிசெய்யச் சுலபமான காலம் அதுதான். எஃப்.டி.யில் வட்டிக்கு மட்டும்தான் வரி. ஆன்யுட்டியில் உங்கள் அசலே பென்ஷனாகத் திரும்பி வந்தாலும் முழுத்தொகையும் வருமானம்தான். ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கேட்பார்கள், கொடுக்கவில்லை என்றால் பணம் நிற்கும்.

இந்த மாதம் மூன்று வேலை போதும்: மனைவி பெயரில் சீனியர் சிட்டிசன் கணக்கு, எஃப்.டி.களைப் பிரித்துப் போடுவது, மாடிக்கு ஒரு "டு லெட்" போர்டு. ஏஜென்ட் திரும்ப வந்தால், 70 வயதில் கூட்டாக, அசல் திரும்பாத வகைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அன்றைக்கு எழுத்தில் வாங்குங்கள். இரண்டு மூன்று கம்பெனிகளிலாவது கேளுங்கள். ஒரே வயதுக்கு ஒவ்வொரு கம்பெனியும் வேறு வேறு தொகை சொல்லும்.